மேட்டூர் திறக்காத ஆண்டு: ஒரு புவியியல் பாடத்தை நான்காகப் பிரித்துக் கற்பது

ஜூலை மாதத்தில் தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய மழை கிடையாது. ஆனாலும் நல்ல ஆண்டுகளில் வாய்க்கால்களில் தண்ணீர் நிறைந்து ஓடும், குறுவை நடவு மும்முரமாக நடக்கும். மழை பெய்யாத ஊருக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்பில் இதைக் கேட்டால் “மேட்டூரிலிருந்து” என்று நாலைந்து குரல்கள் உடனே எழும். மேட்டூருக்கு எங்கிருந்து வந்தது? “குடகிலிருந்து.” சரி, குடகில் கொட்டுகிற அந்தத் தென்மேற்குப் பருவமழை கோயம்புத்தூரில் ஏன் அப்படிக் கொட்டுவதில்லை? டெல்டாவுக்கு மழை எப்போது வரும்? அந்த மழைக்கும் சம்பாவுக்கும் என்ன தொடர்பு? இந்த இடத்துக்கு வரும்போது குரல்கள் அடங்கி, முதல் வரிசையில் ஒரே ஒரு கை மட்டும் மேலே நிற்கும். அந்த ஒரு கையை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான வகுப்புகளில் பாடம் நகர்கிறது.

மற்ற முப்பத்தேழு பேரையும் அந்தக் கேள்விக்குள் கொண்டுவர ஒரு முறை இருக்கிறது. அதன் பெயர் ஜிக்சா. துண்டு துண்டாக இருக்கும் படத்தைச் சேர்த்து முழுப்படம் ஆக்கும் விளையாட்டின் பெயர்தான் அது. பாடம் சில துண்டுகளாகப் பிரிக்கப்படும். ஒரு குழுவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டு மட்டுமே கிடைக்கும். மற்ற துண்டுகளைச் சக மாணவர்களிடம் கேட்டுத்தான் அறிந்துகொள்ள முடியும்.

இதை உருவாக்கியவர் எலியட் ஆரன்சன் என்ற அமெரிக்கச் சமூக உளவியலாளர். 1971-இல் டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், அதுவரை இனவாரியாகப் பிரிந்து கிடந்த பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டன. வெள்ளையர், கறுப்பர், மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், ஆனால் சேரவில்லை. ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்புகளில் போய் உட்கார்ந்து கவனித்தார்கள். ஆசிரியர் கேள்வி கேட்பார், சிலர் கை தூக்குவார்கள், அழைக்கப்பட்டவன் தடுமாறினால் மற்றவர்கள் முகம் மலரும். ஒருவன் தோற்றால்தான் இன்னொருவனுக்கு வாய்ப்பு என்று வகுப்பே அமைந்திருந்தது. இதைத் தலைகீழாக்க, ஒருவன் பேசினால்தான் மற்றவர்களுக்குப் பாடம் கிடைக்கும் என்கிற ஏற்பாட்டைச் செய்தார்கள். பிறகு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ராபர்ட் ஸ்லேவின் இதில் சில மாற்றங்களைச் செய்து ‘ஜிக்சா 2’ என்று பெயரிட்டார். அவர் அழுத்தம் கொடுத்தது கடைசிப் பகுதிக்கு: ஒவ்வொரு மாணவனும் தனியே எழுதும் தேர்வுக்கு. ஜிக்சாவில் எது இருக்கிறதோ இல்லையோ, அந்தத் தனித்தேர்வு சரியாக அமையாவிட்டால் மற்ற ஏற்பாடெல்லாம் வெறும் கலகலப்பு என்பது என் உறுதியான கருத்து. காவிரிப் பாடத்தையே எடுத்துக்கொண்டு ஏன் என்று பார்க்கலாம்.

முதல் வேலை பாடத்தைப் பிரிப்பது. பாடநூலின் பத்து பக்கத்தை இரண்டரை இரண்டரைப் பக்கமாக வெட்டிக் கொடுப்பது பிரிப்பது ஆகாது. ஒரு பெரிய கேள்வி வேண்டும். அதற்கான பதிலில் ஒவ்வொரு துண்டும் இல்லாமல் முடியாத ஓர் இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். அதே சமயம் ஒரு துண்டைப் படித்துப் புரிந்துகொள்ள இன்னொரு துண்டு தேவைப்படக் கூடாது. இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். காவிரியில் இரண்டும் பொருந்துகின்றன.

முதல் துண்டு, தென்மேற்குப் பருவமழையும் மேற்குத் தொடர்ச்சி மலையும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகிறது. குடகின் மடிக்கேரியில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. மலையைத் தாண்டி இறங்கும் காற்று சூடேறுவதால் மழை தருவதில்லை. மலைக்குக் கிழக்கே இருக்கும் கோயம்புத்தூருக்கு அதில் நான்கில் ஒரு பங்குகூடக் கிடைப்பதில்லை.

இரண்டாவது துண்டு, ஆறு. குடகின் தலைக்காவிரியில் தொடங்கி ஏறத்தாழ 800 கிலோமீட்டர் ஓடுகிறது. ஹேமாவதியும் கபினியும் கர்நாடகத்தில் சேர்கின்றன, பவானியும் நொய்யலும் அமராவதியும் தமிழ்நாட்டில் சேர்கின்றன. கிருஷ்ணராஜசாகர், 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணை, கொள்ளிடம் பிரியும் முக்கொம்பு, கல்லணை என்று தண்ணீர் இறங்கி வரும் வழி இந்தத் துண்டில் இருக்கும். மேட்டூர் அணை வழக்கமாகப் பாசனத்துக்குத் திறக்கப்படும் நாள் ஜூன் 12, மூடப்படும் நாள் ஜனவரி 28 என்பதும் இதில்தான் வரும்.

மூன்றாவது, வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை காற்றின் திசை மாறி, நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அது வங்காள விரிகுடாவைக் கடக்கும்போது ஈரத்தை எடுத்துக்கொண்டு தமிழகக் கடற்கரைக்கு வருகிறது. டெல்டாவின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில்தான். புயல்களும் இந்தப் பருவத்தில்தான். 2018 நவம்பர் 16-இல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா பிள்ளைகளுக்குக் கேட்டுத் தெரிந்த எடுத்துக்காட்டு.

நான்காவது, டெல்டாவின் மண்ணும் பயிர்க் காலமும். வண்டல் மண். ஜூன், ஜூலையில் தொடங்கி ஏறக்குறைய நான்கு மாதத்துக்குள் அறுவடையாகும் குறுவை. ஆகஸ்டில் தொடங்கி ஜனவரி வாக்கில் அறுக்கும் சம்பா. குறுவையை அறுத்த வயலில் இடும் தாளடி. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் ஆற்றுத் தண்ணீர் வராத நாளிலும் நாற்றுவிட முடியும் என்கிற செய்தியும் இதில் ஒரு வரியாக இருக்க வேண்டும். அது பின்னால் உதவும்.

ஒவ்வொரு துண்டும் ஒரு பக்கம், அதாவது இருநூறு சொற்களை ஒட்டி. கூடவே ஒரு படம்: முதலாவதற்கு மலையின் குறுக்குவெட்டு, இரண்டாவதற்கு ஆற்றின் வரைபடம், மூன்றாவதற்கு மாதவாரி மழைப் பட்டை வரைபடம், நான்காவதற்குப் பயிர் நாட்காட்டி. நீளம் சமமாக இருக்கலாம், கடினம் சமமாக இருக்காது. நான்கில் மூன்றாவதுதான் கடினம். ஆறு எளிது, ஏனென்றால் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டிவிடலாம். அதற்காக வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கெல்லாம் ஆற்றையே கொடுத்துவிட்டால் இரண்டே பாடத்தில் வகுப்புக்கு விஷயம் தெரிந்துவிடும். ‘அந்தத் துண்டு வந்தால் நமக்கு வராதுன்னு அர்த்தம்’ என்று பிள்ளைகளே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இனி குழுக்கள். 38 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். நான்கு துண்டு என்பதால் நால்வர் குழு. ஒன்பது குழுக்கள் வரும், இருவர் மிஞ்சுவார்கள். அவர்களை இரண்டு குழுக்களில் ஐந்தாவது ஆளாகச் சேர்த்து, கடினமான மூன்றாவது துண்டைக் கொடுக்கலாம். அந்தக் குழுக்களில் வடகிழக்குப் பருவமழையைச் சொல்ல இருவர் இருப்பார்கள், பாதி பாதியாகச் சொல்லட்டும். இந்த ஒன்பதும் தாய்க்குழுக்கள். ஆண், பெண், நன்றாக வாசிப்பவர், தயங்குபவர் என்று கலந்து ஆசிரியரே அமைக்க வேண்டும். பிள்ளைகளிடம் விட்டால் நண்பர்கள்தான் சேர்வார்கள்.

அடுத்ததாக ஒரே துண்டைப் பெற்றவர்கள் எல்லாத் தாய்க்குழுக்களிலிருந்தும் எழுந்து வந்து ஒன்றாக உட்கார்வது. அதுதான் வல்லுநர் குழு. இங்கே பெரிய வகுப்புகளில் தவறு நடக்கிறது. ஒரு துண்டுக்கு ஒன்பது பேர் வருவார்கள். ஒன்பது பேரை ஒரே வட்டமாக உட்கார வைத்தால் நான்கு பேர் பேசுவார்கள், ஐந்து பேர் பார்ப்பார்கள். ஆகவே ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வட்டம், வட்டத்துக்கு நான்கைந்து பேர், அதிகம் போனால் ஆறு பேர். மொத்தம் எட்டு வட்டங்கள். பெஞ்சுகளை இரண்டிரண்டாக முகம் பார்த்துத் திருப்பினால் ஆறு வட்டம் அறைக்குள் அடங்கும், இரண்டை வராந்தாவில் உட்கார வைக்கலாம்.

வல்லுநர் குழு எதற்கு? பிள்ளை தன் துண்டைப் படித்துவிட்டு நேரே தாய்க்குழுவுக்குப் போனால், வாசிக்கத் தடுமாறும் பிள்ளை அங்கே மூன்று பேர் முன்னால் தலைகுனிந்து நிற்கும். மற்ற மூவருக்கும் அந்தத் துண்டு கிடைக்காமலும் போகும். அதே துண்டைப் படித்த நான்கு பேரோடு முதலில் பேசி, சந்தேகம் தீர்த்து, ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போனால் நிலைமை வேறு. இது பாடம் படிக்கும் இடம் என்பதைவிட ஒத்திகை பார்க்கும் இடம்.

இந்த வட்டத்தில்தான் பொறுப்பு அட்டைகள் வருகின்றன. பல பள்ளிகளில் அட்டையில் ‘தலைவர்’, ‘எழுத்தர்’, ‘நேரக் காப்பாளர்’ என்று எழுதிக் கழுத்தில் மாட்டிவிடுகிறார்கள். தலைவர் எல்லா வேலையையும் செய்வார், எழுத்தர் நோட்டில் எழுதுவார், மற்றவர்கள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அட்டையில் பதவியைவிடச் செயலும், வாய்விட்டுச் சொல்ல வேண்டிய வாக்கியமும் எழுதியிருக்க வேண்டும். நான்கு அட்டைகள் போதும்.

ஒருவர் வழிநடத்துபவர். அவர் அட்டையில், “ஒவ்வொரு பத்தி முடிந்ததும் ஒருவர் பெயரைச் சொல்லி, ‘இதை உன் சொல்லில் சொல்லு’ என்று கேள். ஒரே ஆளை இரண்டு முறை கேட்காதே” என்று இருக்கும். இன்னொருவர் காரணம் கேட்பவர். “யார் எதைச் சொன்னாலும் ‘ஏன் அப்படி?’ என்று ஒரு தடவையாவது கேள். பதில் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்று காட்டச் சொல்.” மூன்றாமவர் வரைபவர். “சொல்லப்பட்டதைப் படமாகப் போடு. படத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் எழுதக் கூடாது.” நான்காமவர் சரிபார்ப்பவர். “எல்லோரும் பக்கத்தைக் கவிழ்த்து வைத்த பிறகு, கடைசியில் உள்ள மூன்று கேள்விகளை ஒவ்வொருவரிடமும் கேள்.” ஐந்தாவது ஆள் இருந்தால் நேரம் பார்க்கலாம். ஆறாவது ஆள் வரைபவரோடு சேர்ந்து படத்தைச் சரிபார்க்கலாம்.

இவற்றில் எனக்கு அதிகம் பிடித்தது காரணம் கேட்பவரின் அட்டை. நம் பிள்ளைகளில் பலர் சக மாணவனிடம் ‘ஏன்’ என்று கேட்பதை மரியாதைக் குறைவாகவோ சண்டைக்கு இழுப்பதாகவோ நினைக்கிறார்கள். அட்டை கேட்கச் சொல்லியிருப்பதால் அந்தக் கூச்சம் விலகுகிறது. “நான் கேக்கல, அட்டையில போட்டிருக்கு” என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் நான்கு முறை கேட்பாள். ஐந்தாவது முறை அட்டையைப் பார்க்காமல் கேட்பாள்.

முதல் பீரியடின் கணக்கு இப்படி வரும்: பெரிய கேள்வியைக் கரும்பலகையில் எழுதி அறிமுகப்படுத்த ஐந்து நிமிடம், தனியே வாசிக்க எட்டு நிமிடம், வட்டத்தில் பேச இருபது நிமிடம், மீதி நேரத்தில் வாயில் சோதனை. அதாவது ஒவ்வொரு வட்டத்திலும் ஆசிரியர் தாம் நினைத்த ஒரு பிள்ளையை அழைத்து, “நீ சொல்லு” என்பார். அந்தப் பிள்ளை சொன்னால்தான் வட்டம் கலையும். யாரை அழைப்பார் என்று தெரியாததால் எல்லோரையும் தயார் செய்வது வட்டத்தின் வேலையாகிவிடும்.

இந்த இருபது நிமிடத்தில் ஆசிரியர் உட்காரக் கூடாது. ஒரு வட்டத்தில் பிறக்கும் பிழை அடுத்த நாள் நாலைந்து தாய்க்குழுக்களில் பாடமாகிவிடும் என்பதே ஜிக்சாவின் மிகப் பெரிய ஆபத்து. காவிரிப் பாடத்தில் எங்கே பிழை வரும் என்று முன்கூட்டியே தெரியும். முதல் துண்டில், “கேரளாவும் குடகும் மழையை எடுத்துக்கிட்டதால நமக்கு மிச்சம் இல்லை” என்பார்கள். காற்று இறங்கும்போது சூடேறுவது என்ற காரணம் விழுந்துவிடும். மூன்றாவது துண்டில், “வடகிழக்கில் இருக்கும் மாநிலங்களிலிருந்து மழை வருது” என்பார்கள், அல்லது ‘பின்னடையும் பருவமழை’ என்ற பெயரை வைத்து, வடக்கே போன மழையே திரும்பி வருகிறது என்பார்கள். நிலத்திலிருந்து கிளம்பும் காற்றில் ஈரம் குறைவு, வங்கக்கடல்தான் ஈரத்தைக் கொடுக்கிறது என்ற படி தப்பிவிடுகிறது. ஆசிரியர் வட்டத்தருகே நின்று, “அந்தக் காற்று கிளம்புற இடத்துல ஈரம் இருக்கா? எந்த இடத்துல ஏறுது? படத்துல காட்டு” என்று மட்டும் கேட்க வேண்டும். பதிலைச் சொல்லிவிட்டால் வட்டம் ஆசிரியர் வாயைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

இரண்டாவது பீரியட், தாய்க்குழு. ஒவ்வொரு துண்டுக்கும் ஆறு நிமிடம், மொத்தம் 24 நிமிடம். இங்கேயும் ஒரு வழக்கமான சரிவு உண்டு. வல்லுநர் தன் நோட்டை விரித்து வாசிப்பார், மற்ற மூவரும் தலை நிமிராமல் காப்பி எடுப்பார்கள். வகுப்பு அமைதியாக இருக்கும். பார்க்க வரும் தலைமை ஆசிரியருக்குக்கூட மிக ஒழுங்காகத் தோன்றும். ஆனால் யாரும் எதையும் விளக்கவில்லை, யாரும் எதையும் கேட்கவில்லை. எல்லாத் தலையும் குனிந்திருந்தால் பாடம் நின்றுவிட்டது என்று பொருள்.

இதைத் தடுக்க ஒரு விதி போதும்: சொல்பவர் வரையக் கூடாது, வரைபவர் சொல்லக் கூடாது. குழுவுக்கு ஒரே ஒரு வெற்று வரைபடம். காவிரிப் படுகையின் எல்லைக்கோடும் கடற்கரையும் மட்டும் அதில் இருக்கும். வல்லுநர் நோட்டை மூடிவைத்துவிட்டு வாயால் விளக்க வேண்டும். பென்சில் இன்னொருவர் கையில். மூன்றாமவர் காரணம் கேட்பார். நான்காமவர் முடிவில் முழுவதையும் இரண்டு வாக்கியத்தில் திருப்பிச் சொல்வார். அடுத்த துண்டுக்கு இந்த வேலைகள் ஓர் இடம் நகரும். முதல் ஆறு நிமிடத்தில் வரைபடத்தில் மலையும் காற்றின் அம்பும் வரும், அடுத்து ஆறும் அணைகளும், பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் இன்னொரு காற்று, கடைசியில் டெல்டாவும் அதன் ஓரத்தில் பயிர் மாதங்களும். விளக்கம் சரியாக இல்லாவிட்டால் பென்சில் தவறான இடத்துக்குப் போகும். “அங்க இல்லடா, மலைக்கு அந்தப் பக்கம்!” என்று வல்லுநர் துடிப்பார். ஆனால் பென்சிலைப் பிடுங்க முடியாது, சொல்லித்தான் திருத்த வேண்டும். அந்தத் துடிப்பில்தான் அவருக்கே தன் துண்டு தெளிவாகிறது.

ஒருவர் அன்றைக்கு வரவில்லை என்றால்? அது நடந்தே தீரும். அந்தத் துண்டுக்கு மட்டும் அந்தக் குழு பக்கத்துக் குழுவோடு சேர்ந்து உட்காரலாம். துண்டின் பக்கத்தைக் கையில் கொடுத்து “படிச்சுக்கோங்க” என்று சொல்வதைவிட இது மேல்.

பிறகு பென்சில்கள் கீழே, வரைபடங்கள் ஆசிரியர் மேசைக்கு. பதினைந்து நிமிடம் தனித்தேர்வு. பேச்சு இல்லை, நோட்டு இல்லை.

இந்தத் தேர்வில் துண்டுக்கு இரண்டாக எட்டுச் சிறு கேள்விகள், தலா ஒரு மதிப்பெண். ஒன்பதாவது கேள்விக்கு நான்கு மதிப்பெண். ஆக 12. சிறு கேள்விகள் அம்பின் திசையைக் குறிப்பது, ஒரு மாதத்தைச் சொல்வது, ஒரு காரணத்தை ஒரே வரியில் எழுதுவது போன்றவை. ஒன்பதாவது கேள்விதான் மையம்:

‘2016-இல் மேட்டூர் அணை செப்டம்பர் 20-இல்தான் பாசனத்துக்குத் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழையும் மிக மோசமாகப் பொய்த்தது. அணை தாமதமாகத் திறக்க என்ன காரணமாக இருந்திருக்கலாம்? டெல்டாவில் எந்தெந்தப் பயிர், எதனால், பாதிக்கப்பட்டிருக்கும்?’

இந்த விடை நான்கு துண்டில் எதிலும் எழுதப்பட்டில்லை. ஆனால் நான்கும் இல்லாமல் எழுதவும் முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் நீர்ப்பிடிப்பில் தென்மேற்குப் பருவமழை குறைந்திருக்கலாம் என்பதற்கு முதல் துண்டு. அதனால் மேலே உள்ள அணைகளிலிருந்து மேட்டூருக்கு நீர்வரத்து குறையும் என்பதற்கு இரண்டாவது. ஜூனில் தண்ணீர் இல்லாமல், செப்டம்பர் இறுதியில் வந்தால், அது குறுவை அறுக்க வேண்டிய நேரம், நடும் நேரம் அல்ல. ஆகவே ஆற்றை நம்பிய குறுவை நடக்கவே முடியாது என்பதற்கு நான்காவது. தாமதமாகத் தொடங்கிய சம்பா அக்டோபர் மழையைத்தான் நம்ப வேண்டும், அந்த மழையும் வராததால் அதுவும் கருகும் என்பதற்கு மூன்றாவது. உண்மையில் 2017 ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. விடைத்தாளைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் இதைச் சொல்லலாம். ‘போர் இருக்கிறவங்க குறுவை போட்டிருப்பாங்க’ என்று எழுதும் பிள்ளைக்கு அந்த ஒரு வரிக்காகவே ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

மதிப்பெண் தனியாருடையது. குழுவுக்கு ஒரே மதிப்பெண் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. அப்படிச் செய்தால் நன்றாகப் படிப்பவள் எல்லோருடைய வேலையையும் தானே செய்துவிடுவாள், மற்றவர்கள் விட்டுவிடுவார்கள், நியாயமற்ற மதிப்பெண்ணோடு எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். குழுவையும் ஊக்கப்படுத்த வேண்டும் என்றால் ஸ்லேவின் சொன்ன வழி இருக்கிறது: ஒவ்வொரு பிள்ளையும் தன் பழைய சராசரியைவிட எவ்வளவு முன்னேறியது என்பதைப் புள்ளியாக்கி, அந்தப் புள்ளிகளைக் குழுவாரியாகப் பார்ப்பது. மூன்று மதிப்பெண்ணிலிருந்து ஆறுக்கு வந்தவன் பதினொன்றிலேயே நிற்பவளைவிடக் குழுவுக்கு அதிகம் தருவான். பதிவேட்டில் ஏறுவது மட்டும் அவரவர் மதிப்பெண்.

தேர்வின் முழுப் பயன் திருத்திய பிறகுதான் தெரியும். ஒரு தாளில் 38 பேரின் பெயர், எதிரே நான்கு துண்டுகளுக்கு நான்கு கட்டம். தாய்க்குழு வாரியாக வரிசைப்படுத்தி நிரப்பினால் மூன்று வகையான சித்திரங்கள் தெரியும், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு மருந்து.

மூன்றாவது துண்டில் நாலைந்து தாய்க்குழுக்கள் முழுக்கத் தவறு, மற்றவை சரி. அப்படியானால் தவறு செய்த வல்லுநர்கள் எல்லோரும் ஒரே வட்டத்திலிருந்து வந்தவர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் ஆமாம். பிழை அந்த வட்டத்தில் பிறந்திருக்கிறது. அந்தத் துண்டை ஆசிரியரே வகுப்பு முழுவதற்கும் ஐந்து நிமிடம் மறுபடி நடத்த வேண்டும்.

இன்னொன்று: ஆறாவது தாய்க்குழுவில் மட்டும், ஆற்றைப் பற்றிய கேள்விகளில் மூவர் தவறு. ஆனால் அந்தத் துண்டின் வல்லுநர் தன் தாளில் சரியாக எழுதியிருக்கிறான். அவனுக்குத் தெரியும், சொல்லத் தெரியவில்லை, அல்லது சொல்ல விடவில்லை. ஆசிரியர் வாங்கிவைத்த வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எது என்று தெரியும். கல்லணை மேட்டூருக்கு மேலே வரையப்பட்டிருந்தால் விளக்கம் சரியில்லை. ஆறே வரையப்படாமல் இருந்தால் அந்த ஆறு நிமிடத்தை வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்றாவது சித்திரம்தான் மிகப் பரவலானது: தன் துண்டில் இரண்டுக்கு இரண்டு, மற்ற மூன்றில் ஒன்றும் பூஜ்யமுமாகச் சிதறிக் கிடக்கும். ஜிக்சாவைப் பற்றிய ஆய்வுகளிலும் இதுவே மறுபடி மறுபடி தென்படுகிறது. பிள்ளைகள் தாங்கள் வல்லுநராக இருந்த பகுதியை நன்றாகக் கற்கிறார்கள், பிறர் சொல்லக் கேட்ட பகுதியை அவ்வளவாகக் கற்பதில்லை. 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், பிரான்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஆறாம் வகுப்பு மாணவர்களிடம் ஐந்து சோதனைகள் செய்து பார்த்தபோது, ஜிக்சாவால் கற்றல் கூடுகிறது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை. இந்த முறையை விரும்புகிறவர்கள் அதை மறைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்டுக் கற்கும் பகுதி இயல்பிலேயே பலவீனமானது. திருப்பிச் சொல்வதும், நோட்டை மூடுவதும், பென்சிலை இன்னொருவர் கையில் கொடுப்பதும் அந்தப் பலவீனத்துக்குப் போடும் முட்டுகள். தேர்வில் சொந்தத் துண்டிலிருந்து மட்டும் கேட்டால் இந்தப் பலவீனம் கண்ணுக்கே தெரியாது, எல்லோரும் நல்ல மதிப்பெண் வாங்குவார்கள். ஒன்பதாவது கேள்வி அதை வெளியே கொண்டுவருகிறது. ஒரு வாரம் கழித்து, அதே பிள்ளைகளிடம் தங்களுடையது அல்லாத துண்டிலிருந்து மட்டும் நான்கு கேள்விகள் கேட்டுப் பார்ப்பது இன்னும் நல்லது.

எல்லாப் பாடத்துக்கும் இது ஒத்துவராது. அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்து நேரம் கணக்கிடுவது, வரைபட அளவையைக் கிலோமீட்டராக மாற்றுவது போன்றவற்றில் ஒரு படி தெரியாமல் அடுத்த படி இல்லை. அவற்றை நான்காக வெட்டினால் இரண்டாவது துண்டைப் பெற்றவன் முதலாவது இல்லாமல் தத்தளிப்பான். பாறைகளின் வகை போன்ற பாடத்தில் பிரிப்பது எளிது, ஆனால் சேர்க்க ஒன்றும் இல்லை. மூன்று பட்டியல்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கும், ஒன்பதாவது கேள்வி எழாது. நேரமும் ஒரு கணக்கு. ஆசிரியர் தாமே விளக்கினால் ஒரு பீரியடில் முடியும் காவிரிப் பாடம், இப்படி நடத்தினால் இரண்டு முழுப் பீரியடும் திருத்திய தாளைப் பேசும் மூன்றாவதின் பாதியும் எடுக்கும். பருவத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பாடங்களுக்கு இது கட்டுப்படியாகும். ஒரு நகரம் ஏன் வெள்ளத்தில் மூழ்குகிறது, ஒரு தொழிற்சாலை ஏன் அந்த இடத்தில் வந்தது என்பவை போல, பல காரணங்கள் ஒரே இடத்தில் வந்து முட்டுகிற பாடங்களைத் தேர்ந்தெடுங்கள். துண்டுகளை எழுதத் தொடங்குவதற்கு முன்பே ஒன்பதாவது கேள்வியை எழுதிப் பாருங்கள். அது வராவிட்டால் அந்தப் பாடத்தை வழக்கம்போல் கரும்பலகையிலேயே நடத்திவிடலாம்.